பெயரை எடுத்த பிறகும்

மாதத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, பெங்களூரில் எங்கள் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். தப்பாகப் போன சிகிச்சைகளையும் தப்பாகப் போயிருக்கக்கூடியவற்றையும் டாக்டர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசும் கூட்டம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த முறை அது நடக்காமல் இருப்பதற்காக. கேஸ் ரிவ்யூ கமிட்டி என்பார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் அந்தக் கமிட்டிக்குக் குறிப்பெடுப்பவளாகப் போனேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஸ்டெனோ. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.காம். முடித்ததும், ஷார்ட்ஹேண்ட் தெரிந்தவளுக்கு சோறு கிடைக்காமல் போகாது என்று சொல்லித்தான் என்னை அந்த வகுப்பில் சேர்த்தார். கமிட்டியில் அதுவரை குறிப்பெடுத்தவர் வேலையை விட்டுப் போனதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே எனக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு கேஸும் ஒரு மர்மக் கதை போலத் தொடங்கும். காய்ச்சலோடு ஒருவர் வருகிறார், இரண்டு நாள் கழித்து வேறு என்னவோ ஆகிறது, ஏன்? விடை கடைசியில்தான் வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன். விடை வருவதற்கு முன்பே நானாக ஒன்றை ஊகித்து நோட்டின் ஓரத்தில் சின்னதாக எழுதிவைப்பேன். ஒருமுறைகூட சரியாக இருந்ததில்லை.

எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி ஒன்றே ஒன்று. நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும் குறிப்பில் வரக்கூடாது. டாக்டர்களின் பெயரும் வரக்கூடாது, 'பணியிலிருந்த மருத்துவர்' என்று எழுத வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தேன். டைப் அடித்து முடித்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பெயர் எங்காவது தப்பி நிற்கிறதா என்று தேடுவேன். நிற்காது. என் வேலை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் வந்த கேஸை ஒரு பெண் டாக்டர் எடுத்துவைத்தார். அவர் பெதாலஜிஸ்ட், அதாவது ரத்தம், திசு எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்பவர். கமிட்டியின் செயலாளரும் அவர்தான். மைசூர்ப் பக்கம். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், அவர் பாணியில்.

முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பல மாதங்களாக விட்டுவிட்டு வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், சோகை. ஒருநாள் வலி தாங்காமல் எமர்ஜென்சிக்கு வருகிறார். வயிறு விறைத்திருக்கிறது என்று சர்ஜன்கள் அன்றைக்கே வயிற்றைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. குடல்வால் நன்றாகவே இருந்தது, ஆனாலும் எடுத்துவிட்டுத் தைத்து அனுப்புகிறார்கள். மூன்றே வாரத்தில் அதே வலியோடு திரும்பி வருகிறார்.

"இது ஃபர்ஸ்ட் அட்மிஷன்ல எடுத்த ரத்தம்" என்று பெதாலஜிஸ்ட் ஒரு பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். "சிவப்பணுவுக்குள்ள நீலப் புள்ளி இருக்குன்னு என் டிபார்ட்மென்ட்ல எழுதியிருக்காங்க. கீழ, பொடி எழுத்துல. ரிப்போர்ட் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் போச்சு. யாரும் படிக்கல. ஃபைல்ல போயிடுச்சு. நாங்களும் போன் பண்ணிச் சொல்லல. அது எங்க தப்பு."

இரண்டாவது முறை அவரே அந்த ஸ்லைடைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் வார்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம், வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். கணவர் பழைய கார் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி விற்பவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உருக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வது மனைவி. ரத்தத்தை அனுப்பிப் பார்த்தால் ஈயம் எக்கச்சக்கம். நீலப் புள்ளிகளும் அதன் அடையாளம்தான். அந்த வலி ஈயம் தந்த வலி, கத்தி தேவைப்படாத வலி.

"கேஸ் ஷீட்ல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார். "அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஹவுஸ்வைஃப். அவ்வளவுதான். அந்த வார்த்தையப் பாத்ததும் எல்லாரும் அடுத்த கட்டத்துக்குப் போயிட்டோம்."

நான் என் ஊகத்தை நோட்டின் ஓரத்தில் 'பித்தப்பைக் கல்?' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

மறுநாள் டைப் அடிக்க உட்கார்ந்தபோது, இதை உலர்ந்த குறிப்பாக எழுத மனம் வரவில்லை. கேட்டதையெல்லாம் எழுதினேன். பகுதியின் பெயர், தகரக் கொட்டகை, இரட்டைப் பெண் குழந்தைகள். அன்றைக்கு பந்த், ஆட்டோ ஓடவில்லை, அதனால் காய்கறி டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பது. அந்த டெம்போவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முட்டைக்கோசுக்கு நடுவே வலியில் சுருண்டு கிடந்த ஒரு பெண்ணை அது கண்முன் கொண்டுவந்தது. முன் வரலாறு என்ற தலைப்பில், ஒருமுறை கரு கலைந்தது என்றும் எழுதினேன். பெயர் இல்லை, எண் இல்லை. சிவப்புப் பேனாவால் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

ஏழு பிரதிகள் வேண்டும். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் அறை. அங்கே இருந்தவர் நாற்பது வயதுக்காரர், மருத்துவமனையில் பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் அண்ணா. கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய குடியிருப்பு ஒன்றிலிருந்து சைக்கிளில் வருவார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் நாள் முழுக்க ஆங்கிலக் காகிதங்களைப் புரட்டிப் புரட்டி, நாளிதழை வரிவிடாமல் படிக்கும் அளவுக்கு வந்திருந்தார்.

முதல் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடினார். பிரதி வெளியே வந்தது, மங்கல். கசக்கிக் கூடையில் போட்டார். டோனரைத் தட்டிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மேடம், இது நம்ம சந்து அக்கா கேஸ்தானே?"

"எந்த அக்கா?"

"பேட்டரிக்காரரு சம்சாரம். அந்த டெம்போவ புடிச்சுக் குடுத்ததே நான்தானே. அன்னிக்கு பந்து. மார்க்கெட்லர்ந்து திரும்பின வண்டிய கைகாட்டி நிறுத்தி, கோசு மூட்டைய ஒதுக்கி, அதுக்கு நடுவுல படுக்க வெச்சோம்." அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. தெரிந்தவர் ஒருவரைப் பற்றிக் காகிதத்தில் பார்த்த வியப்புதான். "இப்ப ஸ்வல்ப பரவால்ல. நேத்துகூட பார்த்தேன்."

பிறகு கண் இன்னும் கீழே இறங்கியது. ஒரு வரியில் நின்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். காகிதத்தை மேசைமேல் குப்புற வைத்தார்.

"ஏழு காபிதானே மேடம்?" என்றார்.

"வேணாண்ணா. திருத்தம் இருக்கு. குடுத்துடுங்க" என்றேன். எடுத்த பிரதியை வாங்கிக்கொண்டேன். கூடையில் கசங்கிக் கிடந்ததையும் குனிந்து எடுத்தேன். மங்கலான பிரதிகளின் பின்பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் கணக்குப் போடுவார்கள், சீட்டு எழுதுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதற்கு முன் எத்தனை மாதத்துக் குறிப்புகள் அந்தக் கூடைக்குள் போயிருக்கும்?

நேராக பெதாலஜிஸ்ட்டின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார்.

"எவ்வளவு நேரத்துல கண்டுபிடிச்சார்?"

"அரை நிமிஷம்கூட இல்ல மேடம். பேரே இல்ல. எப்படின்னே புரியல."

"பேரு வேணாம்மா. நம்ம டீன் நடந்து போனா முதுகப் பாத்தே யாருன்னு சொல்லமாட்டியா? அதுமாதிரிதான்." ஒரு பென்சிலை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. இப்ப நீ ஸ்டெனோ இல்ல. அந்தச் சந்துல குடியிருக்கிறவ. ஒவ்வொரு வரியா படி. எந்த வரியில உனக்கு ஆள் தெரியுதோ அங்க கோடு போடு."

போட்டேன். டெம்போ, பந்த், இரட்டைக் குழந்தைகள், பகுதியின் பெயர், கொட்டகை. சரியான வயது, சேர்ந்த தேதி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இரட்டைக் குழந்தைக்காரர்கள் பெங்களூரில் எத்தனை பேர். ஆனால் இரண்டு விவரம் சேர்ந்தால் ஒரு தெருவாகச் சுருங்கியது, மூன்று சேர்ந்தால் ஒரே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கு அது பயமாகவும் இருந்தது, சுவாரஸ்யமாகவும் இருந்தது. சுவாரஸ்யமாக இருந்தது என்று சொல்ல இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான்.

"இப்ப ரெண்டாவது கேள்வி" என்றார். "கோடு போட்டதுல எதை எடுத்தா பாடம் குறையும்?"

டெம்போவை எடுத்தால் ஒன்றும் குறையாது. வழியில் ஆன தாமதம் யாருடைய முடிவையும் மாற்றவில்லை. குழந்தைகள், பகுதி, தேதி எதுவும் வேண்டாம். வயதுக்கு 'முப்பதுகளில்' போதும். நான் ஆசைப்பட்டுச் சேர்த்தவை எல்லாமே போயின. கடைசியில் ஒரு வரியில் பென்சில் நின்றுவிட்டது. பேட்டரி.

அதைப் பற்றி முடிவெடுக்கக் கமிட்டித் தலைவரிடம் போனோம். அவர் மூத்த சர்ஜன், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். வெட்டொன்று துண்டிரண்டு என்று முடிப்பவர்.

"வேலையை மாற்றி எழுதிவிடுங்கள்" என்றார். "பீன்யாவில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் வேலை செய்யும் ஆண் என்று போடுங்கள். பீன்யாவில் ஆயிரம் ஃபேக்டரி. யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. என் அண்ணன் பீன்யாவில்தான் வேலை பார்த்தான், காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்களின் கூட்டம் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் யாரையும் ஒளித்துவைக்கலாம். ஆனால் பெதாலஜிஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், ஃபேக்டரி ஆள் வந்திருந்தா என்ன வேலைன்னு நாம கேட்டிருப்போம். இவங்க ஹவுஸ்வைஃப், அதனாலதான் கேக்கல. அதை மாத்திட்டா படிக்கிற ஜூனியர் ஃபேக்டரி ஆளுங்ககிட்ட மட்டும்தான் கேப்பான். அடுத்த ஹவுஸ்வைஃப் வயித்தையும் திறப்பான். எடுக்கலாம், மங்கலா எழுதலாம். பொய் எழுதக் கூடாது. இது மெடிக்கல் டாக்குமென்ட்."

சர்ஜன் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த வயிற்றைத் திறந்தது அவருடைய யூனிட் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். குறிப்பில் அது இல்லை. ஆனால் எமர்ஜென்சி கேஸ்களை எடுக்க ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிழமை உண்டு, அந்தப் பெண் வந்தது எந்தக் கிழமை என்று யாராவது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அதையும் யோசித்தாரோ என்னவோ, கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே எழுதுகிறவர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அந்த அறையில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பேட்டரின்னு சொல்லாம, வீட்டிலேயே நடக்கிற ஈயம் சம்பந்தப்பட்ட வேலைன்னு எழுதலாமா சார்? தொழில் கட்டத்துல ஹவுஸ்வைஃப்னு இருந்தது, அதுக்கு மேல யாரும் கேக்கலன்னு எழுதலாம்" என்றேன். "ஈயம் உருக்குறவங்க, பூசுறவங்க, அச்சாபீஸ்காரங்க எல்லாரும் அதுக்குள்ள வந்துடுவாங்க."

"சரி" என்றார் சர்ஜன். அவ்வளவுதான்.

(அது கமிட்டிக் குறிப்பு. இது என் ஞாபகம், பொய் எழுதக் கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி நான் இங்கே சொல்லும் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன்.)

இரண்டு நாள் கழித்து, ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் பிளாஸ்டிக் பை. அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போய்க் குழந்தைகளின் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும், அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் வேண்டும் என்றார். சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதுவரை எழுத்தில் மட்டுமே இருந்த ஒருவர் கண்முன் நின்று, சில்லறையைக் கைக்குட்டை முடிச்சிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயிற்றில் தையல் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். அவருக்கோ நான் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி. தெரியாதவள் மாதிரி ஃபைலை எடுத்துவந்தேன்.

"அக்கா" என்று குரலைத் தாழ்த்தினார். "இதுல முன்னாடி கரு கலைஞ்சதையும் எழுதியிருக்காங்களா?"

சம்மரியைப் பார்த்தேன். இருந்தது.

"இருக்கும்மா."

"அத மட்டும் எடுத்துட முடியுமா? ஈயம்னு எழுதினது இருக்கட்டும், அது ஊருக்கே தெரியும். வார்டுல எல்லாருக்கும் நானே சொன்னேன். இது மட்டும் வேணாம். மாமியாரும் கூட வராங்க, காகிதத்த அவங்கதான் கையில வெச்சிருப்பாங்க. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த புள்ள வேணும்னா அந்த ஈயத் தட்டு தூக்காதேன்னு மாமியா முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கல. இப்ப தெரிஞ்சா ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவாங்க."

நான் பேட்டரியை எப்படி மறைப்பது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் 'முன் வரலாறு' என்று போகிறபோக்கில் தட்டிய ஒரு வரிதான் அவருக்கு உயிர்போகிற விஷயமாக இருந்தது. பெதாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து கோடு போட்டபோதும் அந்த வரியை நான் தொடவில்லை. அதை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடிக்க முடியாதே! ஆளைக் கண்டுபிடித்த பிறகு அந்த வரி என்ன செய்யும் என்று நினைக்கவே இல்லை.

"ஃபைல்ல இருக்கிறத நான் எடுக்க முடியாதும்மா" என்றேன். "யாராலும் முடியாது. நாளைக்கு உங்க ட்ரீட்மென்ட்டுக்கே அது வேணும். ஆனா பாத்த டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தப் பரிசோதனைக்குன்னு தனியா ஒரு லெட்டர் குடுப்பாங்க. அதுக்கு என்ன வேணுமோ அது மட்டும் அதுல இருக்கும். இந்த சம்மரிய நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல."

"கேக்கலாமா அப்படி?"

"கேக்கலாம். உங்களப் பத்தின காகிதம்தானே."

டாக்டரின் அறையைக் காட்டி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து மடித்த கடிதத்தோடு போனார். கவுன்டரைத் தாண்டும்போது தலையை லேசாக ஆட்டினார். நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. ஏனென்றால், இவர் இவ்வளவு பாடுபட்டு மாமியாரின் கண்ணில் படாமல் காப்பாற்றிய அந்த வரியை, இவர்கள் சந்திலேயே குடியிருக்கும் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே நின்று படித்துவிட்டிருந்தார். படிக்க வைத்தவள் நான்.

இன்னொன்றும் உறுத்தியது. குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கரு தானாகக் கலைவதையும் டாக்டர்கள் எழுத்தில் 'அபார்ஷன்' என்றுதான் எழுதுவார்கள். நானும் கேஸ் ஷீட்டில் இருந்தபடியே தட்டியிருந்தேன். வெளியில் இருப்பவர் அந்த வார்த்தையை எப்படிப் படிப்பார்? ஜெராக்ஸ் அண்ணாவின் முகம் ஏன் அப்படி மாறியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெதாலஜிஸ்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருச்சிதைவு வரியை அவரே பென்சிலால் அடித்தார். "ஈயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், அதனால விட்டுவெச்சேன். ஆனா அன்னிக்கு ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ணதுல இதுக்குப் பங்கே இல்ல. போகட்டும்." பிறகு, "நடந்தத கமிட்டியில சொல்லணும். அதுவும் ஒரு கேஸ்தான்" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அது கடைசி விஷயமாக வந்தது. பேசி முடிவெடுத்தார்கள். இனி வரைவை நானே பிரதி எடுப்பேன். பிரதிகளுக்கு எண் போட்டு, கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக் கிழிப்போம். கேஸுக்கு ஒரு குறியெண் மட்டும் இருக்கும். அந்த எண் எந்த நோயாளி என்று சொல்லும் பதிவேடு சூப்பரின்டென்டென்ட் அறையின் பூட்டிய அலமாரியில் இருக்கும். என் ஷார்ட்ஹேண்ட் நோட்டும் அங்கேதான். பாடம் மட்டும் ஒரு பக்கமாக எல்லா வார்டுக்கும் போகும்.

எல்லாம் சரி. இப்போது இந்தக் கூட்டத்தின் குறிப்பை நான் எழுத வேண்டும். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்த நேரம். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, 'வரைவு நகலெடுக்கும்போது நகலெடுப்பவர் நோயாளியை அடையாளம் கண்டுகொண்டார்' என்று தட்டினேன். தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் நகலெடுப்பவர் ஒரே ஒருவர். அவர் செய்த தப்பு என்ன? கையில் கொடுத்த காகிதத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். இந்த வரி வார்டுகளுக்குப் போனால், அவர் எதையோ திருடிப் படித்தார் என்றாகிவிடும். இன்னும் பின்னால் போனால், அவர் எந்தச் சந்துக்காரர் என்பதை வைத்து அந்தப் பெண்ணையும் கண்டுபிடித்துவிடலாம்.

அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்து, இந்த முறை நான் ஜெராக்ஸ் அண்ணாவின் வீட்டு வாசலில் நின்று படித்தேன். அடித்துவிட்டு எழுதினேன்: 'குறிப்பெழுதியவர் தேவையற்ற விவரங்களுடன் வரைவைத் தயாரித்து, சரிபார்க்கும் முன்பே வெளியே கொடுத்தார். இதனால் நோயாளி அடையாளம் காணப்பட நேர்ந்தது.'

சர்ஜன் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "குறிப்பெழுதுபவரும் ஒருவர்தானே. இது உங்களைக் காட்டிக்கொடுக்கிறதே" என்றார்.

"ஆமா சார். நான்தானே."

"மாற்ற வேண்டுமா?"

"வேணாம் சார். இதுல மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "வயிற்றைத் திறந்தது என் யூனிட் என்பதை நானும் போன மாதமே அப்படி எழுதச் சொல்லியிருக்கலாம்" என்று சொன்னார். காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரதிகளை நானே எடுக்கத் தொடங்கியதை ஜெராக்ஸ் அண்ணா கவனிக்காமல் இருப்பாரா? மெஷின் அவருடையது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் நான் உள்ளே போனதும் எழுந்து நின்று, "நீங்களே எடுத்துக்குங்க மேடம், நான் வெளிய நிக்கிறேன்" என்றார். குரலில் வருத்தம்.

"அண்ணா, உங்கமேல சந்தேகம் இல்ல. அது எழுதின என்னோட தப்பு. கமிட்டியில அப்படித்தான் எழுதியிருக்கு."

"நான் யாருக்கும் சொல்லல மேடம். என் பொண்டாட்டிகிட்டகூட இல்ல. அந்த அக்காவோட மாமியா தினம் எங்க வாசல்ல உக்காந்து பேசுறாங்க. வாயே திறக்கல நான்." சற்று நிறுத்தினார். "ஆனா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அந்த அக்காவ அப்படி நெனச்சதில்ல. பொட்டப் புள்ளங்க ரெண்டு இருக்குன்னு அடுத்தத கலைச்சிட்டாங்களோன்னு…"

நான் பயந்தது அதுதான். அவர் நினைத்தது தப்பு. தப்பு என்று சொன்னால், அந்தப் பெண்ணைப் பற்றி நான் பேசியதாகிவிடும். சொல்லாவிட்டால், தினமும் எதிரில் வரும் அந்தப் பெண்ணை இவர் வேறொரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். மெஷின் சூடேறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"அண்ணா, யாரைப் பத்தியும் நான் பேசமாட்டேன்" என்றேன். "டாக்டர்ங்க இங்கிலீஷ் பத்தி மட்டும் ஒண்ணு சொல்றேன். அபார்ஷன்னு நாம சொன்னா ஒரு அர்த்தம். அவங்க எழுதினா தானா கலைஞ்சாலும் அதே வார்த்தைதான். ஆஸ்பத்திரி காகிதத்துல எங்க பாத்தாலும் அப்படித்தான். எனக்கே இங்க வந்தப்புறம்தான் தெரியும்."

அவர் என்னையே பார்த்தார்.

"தானா கலைஞ்சாலுமா?"

"தானா கலைஞ்சாலும்."

"அந்த வார்த்தையேவா?"

"அதேதான்."

மெதுவாகத் தலையை ஆட்டினார். "சே, எப்படிப்பட்ட பாஷ மேடம் அது" என்றார். பிறகு மெஷினின் மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, "டோனர் கம்மியா இருக்கு, மங்கலா வரும். மாத்திட்டுப் போறேன், அப்புறம் எடுங்க" என்று சொல்லி, மாற்றிவிட்டு வெளியே போய் நின்றார்.

கொட்டகை அந்த வீட்டிலிருந்து போனது என்றும், குழந்தைகள் மருந்து சாப்பிடுகிறார்கள் என்றும் பெதாலஜிஸ்ட் ஒருநாள் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "உனக்கு இது தேவையா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. இல்லை மேடம் என்றேன். ஈயம் பற்றிய ஒரு பக்கப் பாடம் எமர்ஜென்சி அறைச் சுவரில் வெகுநாள் ஒட்டியிருந்தது. 'வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று எல்லோரிடமும் கேளுங்கள்' என்பது அதன் முதல் வரி. அதைப் பார்த்து யாராவது யாரிடமாவது கேட்டார்களா, ஒரு வயிறாவது திறக்கப்படாமல் தப்பியதா என்பது எனக்குத் தெரியவரவே இல்லை.